நிகழ்ச்சி ரத்து: டிக்கெட் விலை, முன்பதிவுக் கட்டணம், வரி... எதைக் கேட்கலாம், எதை விடலாம்?

நான்கு பேருக்கு நான்தான் டிக்கெட் போட்டிருந்தேன். நிகழ்ச்சிக்கு ஆறு நாள் முன்னால் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் தொகை தானாகவே திருப்பி அனுப்பப்படும், நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை" என்று அதிலேயே இருந்தது. நானும் எதுவும் செய்யவில்லை. பத்து நாள் கழித்து கார்டு கணக்கைப் பார்த்தால், கட்டியது 4,840, வந்தது 4,000.

நண்பர்கள் மூவரும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். மிச்சம் 840 போனால் போகட்டும், தலை தப்பியதே பெரிது என்றான் ஒருவன். முழுத்தொகையும் வரும்வரை விடாதே என்றான் இன்னொருவன். மூன்றாமவனுக்கு அந்த டிக்கெட் தளம் ஒரு கூப்பன் தருவதாகச் சொல்லியிருந்த மின்னஞ்சல் கண்ணில் பட்டது. பணத்துக்குப் பதில் 4,840க்கும் கூப்பன். "அதை எடுத்திருந்தால் நஷ்டமே இல்லையே!"

மூன்று பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனால் 840 என்பதை ஒரே தொகையாகப் பார்த்ததில்தான் எல்லோரும் சறுக்கினோம். அது இரண்டு வேறு பணம். ஒன்று கேட்டால் வந்தே ஆகவேண்டியது. மற்றது வரலாம், வராமலும் போகலாம்.

முதலில் ரசீதைப் பிரித்துப் பாருங்கள்

டிக்கெட் வாங்கியதும் வந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். அதில் நான்கு தொகைகள் இருந்தன. டிக்கெட் 1,000 வீதம் நான்கு, 4,000. அதன்மேல் வரி 10 சதவீதம், 400. முன்பதிவுக் கட்டணம் டிக்கெட்டுக்கு 100 வீதம் 400. அந்தக் கட்டணத்தின்மேல் வரி 40. (எண்ணை எளிதாக்க வரியைப் பத்து சதவீதம் என்று மாற்றி எழுதுகிறேன். உங்கள் ஊரில் எத்தனை சதவீதமானாலும் கணக்கின் வழி இதுதான்.)

ஆக, எனக்கு வராத 840இல் 400 டிக்கெட்டின் வரி. மிச்சம் 440 முன்பதிவுக் கட்டணமும் அதன் வரியும்.

வரி தனியாக நிற்கும் பொருள் அல்ல. ஏதோ ஒன்றை விற்றதற்காக விதிக்கப்படுவது. விற்பனை இல்லாமல் போனால் வரியும் இல்லாமல் போகவேண்டும். டிக்கெட் விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதன் வரியை வைத்துக்கொள்வது என்றால், நடக்காத விற்பனைக்கு வரி வாங்கியதாக ஆகிறது. "வரியை அரசுக்குக் கட்டிவிட்டோம், எங்கள் கையில் இல்லை" என்று சொல்வார்கள். அதில் பெரிதாக உண்மை கிடையாது. விற்பனை வரி நடைமுறையில், விற்றது திரும்பி வந்தால் விற்றவர் அந்த விற்பனையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட் என்ற சீட்டைப் போடுவார். முன்பு கட்டிய வரியை அடுத்து வரும் கணக்கில் கழித்துக்கொள்வார். அதற்குக் காலக்கெடு உண்டு, ரத்தான சில வாரங்களுக்குள் அது முடிந்துவிடாது. உங்களுக்கு வரியைத் தராமல் அங்கேயும் கழித்துக்கொண்டால் அந்த 400 அவர்களுக்கு லாபம்.

அதே தர்க்கம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். முன்பதிவுக் கட்டணத்தை அவர்கள் நியாயமாகவே வைத்துக்கொள்ள முடியுமானால், அதன்மேல் போட்ட 40 வரியும் அங்கேயே நிற்கும். வரி எப்போதும் தன் தாய்த்தொகையின் பின்னால் போகும். இது ஒன்று பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சில இடங்களில் வரி தனியே காட்டப்படாமல் விலைக்குள்ளேயே இருக்கும். அங்கே 1,100 என்று மட்டும் போட்டிருப்பார்கள். அப்படியானால் அச்சிட்ட விலை முழுதாக வந்ததா என்று பார்த்தால் போதும்.

கட்டணத்தை ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்

டிக்கெட் தளம் பெரும்பாலும் நிகழ்ச்சியை நடத்துபவர் அல்ல. நடத்துபவருக்காக விற்றுக் கொடுக்கும் முகவர். டிக்கெட் விலை நடத்துபவருக்குப் போகும், முன்பதிவுக் கட்டணம் தளத்துக்கு. நிகழ்ச்சி நடக்காவிட்டால் நடத்துபவர் தன் பங்கைத் தரவேண்டும், "நாங்கள் பதிவு செய்து தருவதாகச் சொன்னோம், செய்து தந்துவிட்டோம்" என்பது தளத்தின் வாதம். இன்னொரு காரணமும் உண்டு, அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. கார்டுப் பணத்தை வாங்கித் தரும் நிறுவனங்கள் பல, நீங்கள் கட்டியபோது பிடித்த செலவை பணம் திரும்பும்போது விற்பவருக்குத் திருப்பித் தருவதில்லை. தளம் முழுத்தொகையையும் கொடுத்தால் அந்தச் செலவு அதன் கையைக் கடிக்கும்.

இதெல்லாம் அவர்கள் கஷ்டம். உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனையும் உங்கள் நாட்டின் நுகர்வோர் சட்டமும்தான். நிபந்தனையை எடுத்துப் பார்க்கும்போது ஒரு இடத்தில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். "முன்பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது" என்ற வரி எங்கே இருக்கிறது? என் விஷயத்தில் அது "வாடிக்கையாளர் ரத்து செய்தால்" என்ற தலைப்பின் கீழ் இருந்தது. "நிகழ்ச்சி ரத்தானால்" என்ற பத்தியில் "செலுத்திய தொகை" திருப்பித் தரப்படும் என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். செலுத்திய தொகை என்றால் 4,840தானே? உங்கள் தளத்தில் "அச்சிட்ட விலை மட்டும்" என்று தெளிவாக எழுதியிருக்கலாம். அப்போது வழக்கு பலவீனம்தான், ஆனால் எழுதிவிட்டார்கள் என்பதற்காகவே ஒரு நிபந்தனை செல்லும் என்றும் இல்லை. நுகர்வோருக்கு அநியாயமான நிபந்தனைகள் செல்லாது என்று சொல்லும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது.

டிக்கெட்டோடு காப்பீடு வாங்கியவர்கள் அதை நம்பி இருந்துவிட வேண்டாம். வாங்கும் பக்கத்தில் ஒரு டிக் போட்டுச் சேர்க்கும் காப்பீடு பெரும்பாலும் உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போக முடியவில்லை என்பதற்குத்தான். நிகழ்ச்சியே நின்றுபோனதற்கு அது பணம் தருவது அபூர்வம். அந்தப் பிரீமியமும் பொதுவாகத் திரும்புவதில்லை.

கூப்பனா, பணமா

மூன்றாம் நண்பனின் கணக்கைப் பார்ப்போம். வரியோடு சேர்த்து டிக்கெட் பணம் வந்தால் கையில் 4,400. கூப்பன் எடுத்தால் 4,840. பார்த்தவுடன் கூப்பனில் 440 கூடுதல்.

ஆனால் அந்தக் கூப்பனை எங்கே செலவழிப்பீர்கள்? அதே தளத்தில், இன்னொரு நிகழ்ச்சிக்கு, மறுபடியும் நான்கு டிக்கெட். மறுபடியும் 4,000, அதன் வரி 400, முன்பதிவுக் கட்டணம் 400, அதன் வரி 40. சரியாக 4,840. கூடுதலாகத் தந்த 440 இன்னொரு முறை முன்பதிவுக் கட்டணமாக அவர்களிடமே போய்விட்டது. இலவசம் போலத் தெரிந்தது, அடுத்த முறை வாங்கவேண்டிய கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டதுதான். அதே தளத்தில் எப்படியும் வாங்கப்போகிறவருக்கு அது உண்மையிலேயே 440 லாபம், மறுக்கவில்லை. வாங்குவேனா என்று தெரியாதவருக்குப் பணமே மேல்.

நான் கூப்பனைத் தவிர்ப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கூப்பனை ஏற்றுக்கொண்ட கணத்தில் உங்கள் பழைய உரிமைகள் கரைந்துவிடும். கார்டு வங்கியிடம் போய் "சேவை கிடைக்கவில்லை" என்று சொன்னால், "அவர் பணத்துக்குப் பதில் கூப்பன் ஏற்றுக்கொண்டார்" என்று தளம் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி முடித்துவிடும். அந்தக் கூப்பனில் வாங்கிய அடுத்த நிகழ்ச்சியும் ரத்தானால் திரும்பி வருவதும் கூப்பன்தான். தளமே மூடிவிட்டால், பணம் வரவேண்டும் என்று கடைசி வரிசையில் நிற்பவர்களில் நீங்களும் ஒருவர். காலாவதித் தேதியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஒரே தடவையில் முழுதாகச் செலவழிக்கவேண்டும், மீதி தரப்படாது என்ற வரியைத்தான் பலர் கவனிப்பதில்லை.

என்னிடம் கேட்டால், பணமும் கூப்பனும் ஒரே தொகையாக இருந்தால் பணம். கூப்பன் கூடுதல் தொகையாக, ஆறு மாதத்துக்குள் நிச்சயமாக வாங்கப்போகும் ஒரு நிகழ்ச்சி கண்ணெதிரே இருந்தால் மட்டும் கூப்பன்.

தள்ளிவைப்பு என்ற சொல்லில் உள்ள வலை

ரத்தும் தள்ளிவைப்பும் ஒன்றல்ல. ரத்தானால் பணம் தருவது பெரும்பாலும் தானாக நடக்கும். தள்ளிவைத்தால், புதிய தேதிக்கு உங்கள் டிக்கெட் செல்லும், வேண்டாம் என்றால் இத்தனை நாளுக்குள் சொல்லுங்கள் என்று வரும். சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள். அந்த மின்னஞ்சல் விளம்பரங்களோடு விளம்பரமாகக் கிடக்கும். பலர் பணத்தை இழப்பது இங்கேதான்.

இன்னும் மோசம், "புதிய தேதி விரைவில் அறிவிக்கப்படும்" என்ற வகை. தேதியும் இல்லை, ரத்தும் இல்லை, அதனால் பணமும் இல்லை. இங்கே காத்திருப்பதற்கு ஒரு எல்லை உண்டு. கார்டில் கட்டியிருந்தால் வங்கி வழியாகத் தொகையைத் திரும்பக் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. சார்ஜ்பேக் என்பார்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பொதுவான கணக்கு, சேவை கிடைத்திருக்கவேண்டிய நாளிலிருந்து 120 நாள். எத்தனை தள்ளிவைப்பு நடந்தாலும் கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக்கூடாது. பத்து மாதத்துக்கு முன்னாலேயே வாங்கிய டிக்கெட் இரண்டு முறை தள்ளிப்போனால் அந்த 540 நாள் சத்தமில்லாமல் தீர்ந்துவிடும். சில வங்கிகள் இதைவிடக் குறைந்த காலமும் வைத்திருக்கும். அதனால் தேதி தெரியாத தள்ளிவைப்பென்றால், அறிவிப்பு வந்த வாரத்திலேயே பணத்தைக் கேட்டு எழுதிவிடுவது நல்லது.

கேட்பதா, வங்கிக்குப் போவதா

என் கையில் இருந்த வழிகள் மூன்று. 840ஐயும் விட்டுவிடுவது, தளத்துக்கு எழுதுவது, நேரே வங்கிக்குப் போவது. கோபத்தில் மூன்றாவதுதான் முதலில் தோன்றியது. வங்கியில் பேசிய பெண் ஒரே கேள்வியில் நிறுத்திவிட்டார். "சார், தளத்துக்கு எழுதிக் கேட்டீங்களா? அந்தப் பதில் இருந்தா அனுப்புங்க." இல்லை என்றேன். முதலில் விற்றவரிடம் முயன்றிருக்கவேண்டும் என்பது சார்ஜ்பேக்கின் அடிப்படை. தவிர, தளம் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே வங்கியிலும் கேட்டால் ஒரே தொகை இரண்டு முறை வந்து, பிறகு ஒன்றைத் திரும்பப் பிடிப்பார்கள். உங்கள் கணக்கைத் தளம் முடக்கவும் கூடும்.

அதனால் எழுதினேன். முழு 840ஐயும் ஒரே வாக்கியத்தில் கேட்காமல் இரண்டாகப் பிரித்தே எழுதினேன்:

"மேற்கண்ட ஆர்டருக்கு நான் செலுத்தியது 4,840. நிகழ்ச்சி உங்கள் தரப்பில் ரத்து செய்யப்பட்டது. எனக்குக் கிடைத்தது 4,000. (1) டிக்கெட் விலையின் மீதான வரி 400 வரவில்லை. விற்பனை ரத்தானதால் இந்த வரிக்கு அடிப்படை இல்லை. தொகையையும் இதற்கான கிரெடிட் நோட்டின் நகலையும் அனுப்பவும். (2) முன்பதிவுக் கட்டணமும் அதன் வரியும் 440. நிகழ்ச்சி ரத்தானால் 'செலுத்திய தொகை' தரப்படும் என உங்கள் நிபந்தனை சொல்கிறது. இதைப் பிடித்துக்கொள்வதாயின் எந்த நிபந்தனையின் கீழ் என்று குறிப்பிடவும். பணமாகவே, செலுத்திய கார்டுக்கே வேண்டும். கூப்பன் வேண்டாம். 14 நாளில் பதில் தேவை."

பிரித்து எழுதியதில் ஒரு வசதி. பலமான கோரிக்கையும் சந்தேகமானதும் ஒரே மூட்டையில் இருந்தால், சந்தேகமானதைக் காட்டி மொத்தத்தையும் மறுத்துவிடுவார்கள். கிரெடிட் நோட் என்ற சொல்லைப் பார்த்ததும் கடிதம் வாடிக்கையாளர் சேவையிலிருந்து கணக்குப் பிரிவுக்குப் போகும். அங்கே இருப்பவருக்கு வரி எப்படி நடக்கிறது என்று தெரியும்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. டிக்கெட்டின் வரி "கணினிப் பிழையால்" விடுபட்டதாம், அனுப்பிவிட்டார்களாம். ஒரு வாரமாகியும் வரவில்லை. இந்த இடத்தில் கேட்கவேண்டியது ஏ.ஆர்.என். என்ற எண். கார்டுக்குத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு தொகைக்கும் 23 இலக்கத்தில் ஒரு குறிப்பு எண் உருவாகும். உண்மையில் அனுப்பியிருந்தால் அதை அவர்களால் சொல்ல முடியும். சொல்ல முடியாவிட்டால் இன்னும் அனுப்பவில்லை. நான் கேட்ட மறுநாள் எண் வந்தது, வங்கியில் கொடுத்தேன், இரண்டே நாளில் 400 கணக்கில் ஏறியது. (பழைய கார்டு காலாவதியாகி புதியது வந்திருந்தாலும் பயமில்லை. அதே வங்கியில் கணக்கு இருக்கும்வரை பொதுவாக அங்கேயே வந்து சேரும். கணக்கையே மூடிவிட்டவர்கள்தான் வங்கியில் சொல்லி வைக்கவேண்டும்.)

வெளிநாட்டு நாணயத்தில் கட்டியவர்களுக்கு ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். தொகை திரும்பும் நாளின் மாற்று விகிதத்தில்தான் வரும், வங்கி பிடித்த அயல்நாட்டுப் பரிமாற்றக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. குறைந்து வந்தது தளத்தின் தவறா விகிதத்தின் வேலையா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மறுவிற்பனைத் தளத்தில் கூடுதல் விலைக்கு வாங்கியவர்கள் நிலைமை இதைவிடச் சிக்கல். நடத்துபவர் பணத்தை முதலில் வாங்கியவருக்கு, அச்சிட்ட விலைக்குத்தான் தருவார். நீங்கள் அதன்மேல் கொடுத்ததை அந்த மறுவிற்பனைத் தளத்தின் உத்தரவாதத்தில்தான் தேடவேண்டும்.

மிச்சம் 440. இதற்கு அவர்கள் நிபந்தனையின் அந்த வரியையே மேற்கோள் காட்டினார்கள், வாடிக்கையாளர் ரத்து செய்தால் என்ற தலைப்பை மட்டும் வெட்டிவிட்டு. அதைச் சுட்டிக்காட்டி இன்னொரு கடிதம் எழுதினேன். இப்போது கையில் பதில் இருந்ததால் வங்கிக்குப் போகவும் முடியும், நிகழ்ச்சித் தேதியிலிருந்து 41 நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் சார்ஜ்பேக்கில் 440 போன்ற கட்டணத் தொகை, சேவை கிடைக்காத டிக்கெட்டைப் போல நேரான கேஸ் இல்லை. நான் டிக் போட்டு ஏற்ற நிபந்தனைப் பக்கத்தைத் தளம் அனுப்பும், வங்கி இரண்டு பக்கமும் படித்து முடிவெடுக்க வாரக்கணக்காகும். டிக்கெட் விலையே வரவில்லை என்றால் யோசிக்காமல் போயிருப்பேன். இதற்கு ஒரு மாலை நேரத்தைக் கொடுக்கலாமா என்றுதான் கணக்குப் போட்டேன்.

கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே இரண்டாம் கடிதத்துக்குப் பதில் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில்" 440க்குக் கூப்பன், ஒரு வருடம் செல்லும். கூப்பன் வேண்டாம் என்று தெளிவாக எழுதியவனுக்கு! ஏற்றுக்கொண்டால் கட்டணத்துக்கான உரிமை அத்தோடு சரி, மறுத்தால் வங்கியும் வாரங்களும். டிக்கெட் பணமும் வரியும் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதால் ஏற்றுக்கொண்டேன். நண்பர்களுக்கு ஆளுக்கு 1,100 அனுப்பினேன். கூப்பனையும் நான்காகப் பங்கு போடமுடியுமா என்று மூன்றாமவன் கேட்டான். முடியாது, ஒரே தடவையில்தான் செலவழிக்கவேண்டும் என்ற வரியைக் காட்டினேன். அது இன்னும் என் இன்பாக்ஸில் கிடக்கிறது, காலாவதியாக இருபது நாள் இருக்கிறது.